ஆண்டு விழா வீடியோவுக்குத் தலைமையாசிரியையிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

“அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. ஜனவரி 31 சனிக்கிழமை ஆண்டு விழா. ‘என்னென்ன எடுப்பீங்க, எங்ககிட்ட இருந்து என்னென்ன வேணும், எப்ப முடிச்சுத் தருவீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, பாப்போம்’ என்று ஹெச்.எம். மேடம் சொல்லிவிட்டார். இதுவரை கல்யாண வீடியோ மட்டும்தான் எடுத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எழுதியதே இல்லை. எப்படி எழுதுவது?”

கடிதத்தின் நடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாளையங்கோட்டையில் பதினேழு வருடமாகப் பள்ளி விழாக்கள் எடுக்கிறேன். நடை சரியில்லை என்று திரும்பி வந்த கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சிக்கல் வந்ததெல்லாம் “ஆண்டு விழா வீடியோ” என்ற சொல்லால்தான். நீங்கள் அதைச் சொல்லும்போது விழா மேடையை நினைக்கிறீர்கள். வரவேற்புரை, நடனம், பரிசளிப்பு, நன்றியுரை என்று மூன்றரை மணி நேரம் ஓடுவதை எடுத்துத் தருவது. ஹெச்.எம். மேடம் அதே சொல்லைச் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது, பெரும்பாலும், விழா அன்று மேடைத் திரையில் ஓடப்போகும் எட்டு நிமிடப் படம். வழக்கமாக ஆண்டறிக்கையை அவர் இருபத்தைந்து நிமிடம் வாசிப்பார், பந்தலில் பாதிப் பேர் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக அறிக்கையையே படமாகக் காட்டிவிடலாம் என்பதுதான் இப்போது பல பள்ளிகளின் எண்ணம்.

இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவது விழாவுக்குப் பிறகு முடிவது, இரண்டாவது விழாவுக்கு முன்பே முடிந்தாக வேண்டியது. தொடங்கிய காலத்தில் இதைப் பிரித்து எழுதாமல் ஒரு பள்ளிக்கு ஒரே தொகை சொல்லிவிட்டேன். விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அங்கிருந்து போன்: “அண்ணாச்சி, ஸ்கிரீன்ல போடுற படம் ரெடியா?” அந்த ஆறு நாளும் நான் தூங்கவில்லை. படமும் நன்றாக வரவில்லை. ஆகவே கடிதத்தின் முதல் பத்தியிலேயே இப்படி எழுதிவிடுங்கள்: “இந்தப் பணி இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, விழா மேடையில் திரையிட 8 நிமிடத்துக்கு மிகாத ஆண்டறிக்கைப் படம். இரண்டு, விழா நாளன்று மாலை 5.30 முதல் 9 மணி வரையிலான நிகழ்ச்சிகளை இரண்டு கேமராக்களில் பதிவுசெய்து தொகுத்துத் தருவது.” இரண்டுக்கும் தனித்தனித் தொகை போடுங்கள். அவருக்கு ஒன்றுதான் வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே ஒன்றை அடித்துவிடுவார். தவறாகப் புரிந்துகொள்ள வழியே இருக்காது.

அதற்கு அடுத்த பத்தியில் எவையெல்லாம் இதில் சேராது என்பதையும் எழுத வேண்டும். நேரலை, பெற்றோர் கேட்கும் தனித்தனி நடனக் கிளிப், போட்டோ ஆல்பம் எல்லாம் தனிக்கணக்கு என்று நான்கு வரி போதும். முகத்தில் அடித்த மாதிரி இருக்குமோ என்று தயங்க வேண்டாம். இந்த வரிகளைப் படித்த பிறகு, “இவருக்கு வேலை தெரியும்” என்று ஹெச்.எம். நினைத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இனி, கடிதத்தின் உயிரான கிளிப் பட்டியலுக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் காட்சிகள் வரிசையாக உங்களைத் தேடி வரும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், தாலி, சாப்பாட்டுப் பந்தி. நீங்கள் சரியான இடத்தில் நின்றால் போதும். பள்ளிப் படத்தில் அப்படி எதுவும் வராது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை நடந்து முடிந்த விஷயங்களை ஜனவரியில் உட்கார்ந்து படமாக்கப்போகிறீர்கள். சுதந்திர தின விழாவை இனிப் போய் எடுக்க முடியாது. அது ஏதோ ஓர் ஆசிரியரின் போனில் இருக்கிறது, அல்லது இல்லை. எனவே பட்டியலை எழுதும்போதே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியிடம் ஏற்கனவே இருப்பவை, நீங்கள் போய்ப் புதிதாக எடுக்க வேண்டியவை, விழா நாளில் மட்டுமே கிடைப்பவை.

பட்டியல் எழுதுவதற்கு முன் நொடிக்கணக்குப் போட வேண்டும். எட்டு நிமிடம் என்பது 480 நொடி. போன வருடம் நான் செய்த பள்ளியில் எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை 26 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் நான்கு நொடியாவது திரையில் வர வேண்டும் என்பது ஹெச்.எம். போட்ட ஒரே நிபந்தனை. அது நியாயமும்கூட. பெற்றோர் திரையில் தேடுவது தங்கள் பிள்ளையின் முகத்தைத்தான், பள்ளிக் கட்டடத்தை அல்ல. இதற்கே 104 நொடி போய்விட்டது. வருடத்தில் நடந்த எட்டு நிகழ்ச்சிகளுக்குத் தலா 15 நொடி என்றால் 120. பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவர்களுக்கும் சதம் எடுத்தவர்களுக்கும் 50, விளையாட்டுக்கு 50, ஆசிரியர்களுக்கு 40, ஹெச்.எம். பேச்சுக்கு 40, பள்ளி நிறுவனர், தாளாளர் படங்களுக்கு 20, தொடக்கத்துக்கு 30, முடிவுக்கு 26. கூட்டிப் பாருங்கள், சரியாக 480 வரும். இந்தக் கணக்கை அப்படியே கடிதத்தில் போட்டேன். ஆய்வகத்துக்கு ஒரு நிமிடம், புது ஸ்மார்ட் கிளாசுக்கு ஒரு நிமிடம், பேருந்துகளுக்கு அரை நிமிடம் என்று பிறகு கேட்டு வந்தபோது நான் மறுக்க வேண்டிய தேவையே வரவில்லை. “எதில் குறைக்கலாம், சொல்லுங்க மேடம்” என்று கேட்டேன். அவரே பட்டியலைப் பார்த்து, தன் பேச்சை 40 நொடியிலிருந்து 25 ஆகக் குறைத்துக்கொண்டார்.

பட்டியலில் ஒவ்வொரு வரியும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். “ஆய்வக வீடியோ – 1” என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “எட்டாம் வகுப்பு அ பிரிவு, வேதியியல் ஆய்வகம், ஜனவரி 8 வியாழன், காலை 10.20 மணிப் பாடவேளை, 20 மாணவர்கள், சீருடையும் அடையாள அட்டையும், உடன் இருப்பவர் அறிவியல் ஆசிரியை, படத்தில் 12 நொடி.” இந்த ஒரு வரி யாருக்கெல்லாம் போய்ச் சேர்கிறது பாருங்கள். அறிவியல் ஆசிரியைக்குத் தன் பாடவேளை தெரியும். வகுப்பாசிரியருக்கு அன்று பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வரக்கூடாது என்பது தெரியும். ஹெச்.எம்.முக்கு எந்த வகுப்பு எவ்வளவு நேரம் தடைபடும் என்பது தெரியும். அவருக்கு உள்ளூர இருக்கும் பெரிய கவலை அதுதான். படம் எப்படி வரும் என்பது அதற்கு அடுத்துதான். ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். “பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு முறை மட்டும், 15 நிமிடத்துக்கு மேல் அழைக்க மாட்டோம்” என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பாதி சம்மதம் அங்கேயே கிடைத்துவிடும்.

பள்ளியிடம் ஏற்கனவே இருப்பவற்றில்தான் அதிகம் வழுக்கும். முதலாவது, சென்ற ஆண்டு முதலிடம் பெற்ற பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் வந்த பெண் மே மாதமே பள்ளியை விட்டுப் போய்விட்டாள், இப்போது கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஏதோ ஒரு கல்லூரி விடுதியில் இருப்பாள். அவளைப் பள்ளி வாசலில் நிற்க வைத்து எடுக்க முடியாது. பள்ளி அலுவலகத்தில் இருப்பது தேர்வு விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், அதுவும் ஸ்டேப்ளர் பின் துளையோடு. அதைப் பதினான்கு அடித் திரையில் போட்டால் எப்படி இருக்கும்! ஆகவே “முதலிடம் பெற்றோர் படம்: வீட்டிலிருந்து புதிதாக எடுத்து அனுப்பியது, பெயர் மற்றும் முதலெழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும் அலுவலகம் சரிபார்த்தது, மதிப்பெண்ணுடன்” என்று கேளுங்கள். சரிபார்த்தது என்ற சொல் முக்கியம். பெயரில் முதலெழுத்து மாறினால் அந்த வீட்டார் வருடக்கணக்கில் மறக்க மாட்டார்கள். திருத்தும் பொறுப்பு அலுவலகத்துடையது என்று எழுத்தில் இருந்தால்தான் உங்கள் தலை தப்பும்.

இரண்டாவது, ஆசிரியர்களின் போன். பாதி நிகழ்ச்சிகளை நின்றவாக்கில் எடுத்திருப்பார்கள். அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். அதற்குப் பின்னணியில் அதே படத்தை மங்கலாக்கிப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது வாட்ஸ்அப் குழுவில் போய் வந்த வீடியோ என்றால் சமாளிக்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். போனில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிய திரையில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: “கிளிப்புகள் எடுத்த போனிலிருந்து நேரடியாகப் பென்டிரைவில் தரப்பட வேண்டும். இயலாவிட்டால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக மட்டும் அனுப்பலாம்.” நானே ஒரு நாள் மதியம் பள்ளி ஆசிரியர் அறையில் கேபிளோடு போய் உட்கார்ந்துவிடுவேன். டீ குடித்துக்கொண்டே பதினைந்து போனிலிருந்து எடுத்துவிடலாம். கிளிப் சுருங்கிப்போனதா என்று சோதிக்க எளிய வழி, கோப்பின் அளவைப் பார்ப்பது. ஒரு நிமிட வீடியோ போனில் எடுத்தபடியே இருந்தால் பெரும்பாலும் நூறு எம்.பி.க்குப் பக்கமாகவோ மேலாகவோ இருக்கும். ஐந்து, பத்து எம்.பி. என்று வந்தால் அது குழுக்களில் ஊர் சுற்றி வந்தது.

மூன்றாவது, நிறுவனர் படம். சிரிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பள்ளியில் ஹெச்.எம். பார்த்து, துணை முதல்வர் பார்த்து, எல்லாரும் “நல்லாருக்கு” என்று சொன்ன படத்தைத் தாளாளர் முதன்முதலாகப் பார்த்தது விழாவுக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு. பார்த்து முடித்து ஒரே கேள்விதான் கேட்டார்: “எங்க அப்பா போட்டோவ எங்க?” பள்ளியைத் தொடங்கியவர் அவர் அப்பா. சட்டம் போட்ட படம் வரவேற்பறையில் மாலையோடு தொங்கியது, எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இரவு அதை எடுத்துச் சேர்த்தேன். நம் பக்கத்துப் பள்ளிகள் அறக்கட்டளையுடையதாகவோ, மறைமாவட்டத்துடையதாகவோ, ஒரு குடும்பத்துடையதாகவோ இருக்கும். நாற்காலியில் ஹெச்.எம். இருந்தாலும் கடைசிச் சொல் தாளாளருடையதாக இருக்கலாம். ஆகவே கடிதத்தை ஹெச்.எம். பெயருக்கே எழுதுங்கள், ஆனால் “முதல் தொகுப்பைத் தலைமையாசிரியரும் தாளாளரும் சேர்ந்து பார்த்து, திருத்தங்களை ஒரே பட்டியலாகத் தர வேண்டும். இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகையில் அடங்கும்” என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஒரே பட்டியலாக என்று எழுதாவிட்டால் தமிழாசிரியர் ஒன்று சொல்வார், பி.டி. சார் இன்னொன்று சொல்வார், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்.

பி.டி. சாரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் உங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று கடிதத்தில் கேட்கத்தான் வேண்டும். வழக்கமாகக் கணினி ஆசிரியரைப் போடுவார்கள். அவர் கோப்புகளுக்கு நல்லவர். மைதானத்தில் அறுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்த ஒரு விசில் உள்ளவர்தான் வேண்டும். முடிந்தால் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

நீங்களே எடுக்க வேண்டியவற்றுக்கு வருவோம். 26 பிரிவுகளுக்கும் தலா நான்கு நொடி என்றால் ஒரு பிரிவுக்குப் பதினைந்து நொடி ஓட்டம் இரண்டு முறை எடுத்தால் போதும். ஆனால் ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்கு நடப்பது, பிள்ளைகள் கேமராவைப் பார்த்துக் கையசைப்பதை நிறுத்துவது, சன்னல் பக்கம் திருப்பி உட்கார வைப்பது எல்லாம் சேர்த்து ஒரு பிரிவுக்கு ஏழு நிமிடம் ஆகிறது. 26-ஐ ஏழால் பெருக்கினால் மூன்று மணி நேரம். ஆக, முழுக் காலை வேளை ஒன்று பிரிவுகளுக்கே. காலை வழிபாடு, ஆய்வகம், நூலகம், ஆசிரியர்கள், ஹெச்.எம். பேச்சு எல்லாவற்றுக்கும் இன்னும் இரண்டு காலை. மொத்தம் மூன்று நாள், அதுவும் காலை மட்டும். பதினொன்றரைக்கு மேல் நம் ஊர் வெயிலில் மைதானத்தில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவார்கள், வேப்பமர நிழலில் நிறுத்தினால் பின்னால் மைதானம் வெளுத்துப்போகும்.

கேமரா அமைப்பில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வகுப்பறை டியூப்லைட்டும் மலிவு விலை எல்.இ.டி.யும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் அது தெரியாது. போன்கள் பெரும்பாலும் 30-இல் எடுப்பதால்தான் ஆசிரியர்கள் தந்த கிளிப்பில் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். அதைத் தொகுக்கும்போது முழுதாகப் போக்க முடியாது. பட்டை ஓடும் கிளிப்பை மூன்று நொடிக்கு மேல் வைக்காமல் விடுவதுதான் நான் செய்வது.

விழா நாளில் மட்டும் கிடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது உங்கள் கல்யாண வேலைக்கு நெருக்கமானது. ஆனால் ஒலி மட்டும் வேறு. மேடைப் பேச்சைக் கேமரா மைக்கில் எடுத்தால் பந்தலின் எதிரொலிதான் கிடைக்கும். ரேடியோ செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள், பள்ளி அவரிடம் சொல்லி வைக்கும். வயர் கிடைத்ததும் அதைக் கேமராவின் மைக் துளையில் அப்படியே செருகிவிடாதீர்கள். மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு, மைக் துளை எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு சன்னமான ஒலி. நான் ஒரு முறை செருகினேன். ஹெட்போன் போடவில்லை. சிறப்பு விருந்தினரின் நாற்பது நிமிடப் பேச்சு முழுக்கக் கரகரவென்று கிழிந்துபோயிற்று. பிறகு எந்த மென்பொருளாலும் அது தேறவில்லை. லைன் உள்ளீடு உள்ள தனி ரெக்கார்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கேமராவில் அதன் சொந்த மைக்கும் ஓடட்டும்.

அடுத்து கால அட்டவணை. இதைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும். ஜனவரி 31 விழா என்றால் நிறையப் பேர் ஒரு மாதம் முழுதாக இருப்பதாக நினைக்கிறார்கள். நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. ஜனவரி 5 திங்கள் பள்ளி திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், 14-ஆம் தேதி போகியிலிருந்து பொங்கல் விடுமுறை 18 ஞாயிறு வரை போய்விடும். இடையில் பள்ளி நடப்பது ஏழே நாள். பொங்கல் முடிந்து வந்தால் நடன ஒத்திகை தொடங்கிவிடும், எந்த வகுப்பிலும் முழு எண்ணிக்கை இருக்காது. 26 குடியரசு தினம். ஆக, வகுப்பறைக் காட்சிகளை அந்த ஏழு நாளுக்குள் எடுத்தால்தான் உண்டு.

உங்கள் பள்ளிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். நவம்பர் கடைசிக்குள் கையெழுத்து. டிசம்பர் 8 திங்களுக்குள், அதாவது தேர்வு தொடங்கும் முன், பழைய கிளிப்புகளும் முதலிடம் பெற்றோர் படங்களும் பள்ளியிடமிருந்து எனக்கு வந்துவிட வேண்டும். விடுமுறையில் நான் அவற்றைப் பிரித்து, எது இல்லை என்று ஒரு பட்டியலும் பின்னணிக் குரலுக்கான வசனமும் தருவேன். எட்டு நிமிடப் படத்தில் குரல் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல், ஆக 450 சொல்லுக்குள் வசனம். ஜனவரி 7, 8, 12 ஆகிய மூன்று காலை படப்பிடிப்பு, 13 செவ்வாய் மழைக்கும் தவறியவற்றுக்கும் ஒதுக்கிய நாள். 20 செவ்வாய் முதல் தொகுப்பு. 22 வியாழன் ஒரே பட்டியலாகத் திருத்தங்கள். 24 சனி இரண்டாம் தொகுப்பு, 27 செவ்வாய் கடைசித் திருத்தம், 28 புதன் இறுதிப் படம். 30 வெள்ளி மாலை திரையில் போட்டுப் பார்ப்பது. விழாப் பதிவு முழுதும் பிப்ரவரி 14-க்குள்.

இந்தத் தேதிகளுக்குக் கீழே ஒரு வரி: “பள்ளி தர வேண்டியவை தாமதமானால், அத்தனை நாள் முதல் தொகுப்பும் தள்ளும். ஜனவரி 22-க்குப் பிறகு வரும் புதிய கிளிப்புகள் சேர்க்கப்பட மாட்டா.” இதை மென்மையாக, ஆனால் எழுத்தில் வையுங்கள். மழையையும் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போயிற்று. ஆற்றை ஒட்டிய ஒரு பள்ளியில் தரைத்தளக் கணினி அறையோடு அந்த வருட வீடியோக்கள் மொத்தமும் போயின. அதிலிருந்து, டிசம்பர் 8-க்கு வாங்கும் கிளிப்புகளை இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை மாடியில் வைக்கிறேன்.

திரை பற்றியும் பள்ளியிடம் கேட்டாக வேண்டும், யாரும் கேட்பதில்லை. மேடைக்கு எல்.இ.டி. திரை போடுபவர் எந்த அளவில் போடுவார்? நீங்கள் தொகுப்பது 16-க்கு 9 என்ற வடிவம். அவர் 12 அடி அகலம், 8 அடி உயரம் போட்டால் அது 3-க்கு 2. உயரத்தை நிரப்பும்படி படத்தை இழுத்தால், எட்டு அடி உயரத்துக்குப் படம் பதினான்கு அடிக்கு மேல் அகலம் கேட்கும். இரண்டு பக்கமும் தலா ஓர் அடிக்கு மேல் வெட்டுப்படும். திரையின் ஓரத்தில் நீங்கள் அழகாகப் போட்ட பிள்ளைகளின் பெயர்கள்தான் முதலில் காணாமல் போகும். எனவே “திரையின் அகலம், உயரம் ஜனவரி 12-க்குள் தெரிவிக்க வேண்டும்” என்பதும் பள்ளி தர வேண்டியவற்றில் ஒன்று. எப்படியும் எழுத்துகளை நடுவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வேறு திரை வந்தாலும் தப்பிக்கலாம்.

சட்ட விஷயத்தில் நான் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, நான் வக்கீல் இல்லை. பள்ளி நிகழ்ச்சியில் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் மட்டும் பார்வையாளராக இருக்கும்போது சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்கும் ஒலிபரப்புவதற்கும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதே நடனத்தை யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தும் என்று நான் நம்ப மாட்டேன். நடைமுறையில் பாட்டு கம்பெனி உரிமை கோரி ஒலி அணைக்கப்பட்டோ வீடியோ முடக்கப்பட்டோ போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே திரையிடும் படத்துக்கு உரிமம் உள்ள இசையை மட்டும் போடுகிறேன், விழாப் பதிவை யூடியூபில் ஏற்றுவது பள்ளியின் பொறுப்பு என்று எழுதுகிறேன். பிள்ளைகளின் முகம் வெளியாவதற்குப் பெற்றோரின் சம்மதத்தைப் பள்ளிதான் வாங்க வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அதில் கல்வி நிறுவனங்களுக்கு எது பொருந்தும், எது விலக்கு என்பதை அவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும். என் கடிதத்தில் இருப்பது ஒரு வரிதான்: “சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளைகள் பட்டியலைப் படப்பிடிப்புக்கு முன் பள்ளி தரும், அவர்கள் படத்தில் இடம்பெற மாட்டார்கள்.” 900 பேரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். முன்பே தெரிந்தால் அவர்களை வேறு வரிசையில் உட்கார வைத்தால் போதும், பிறகு தெரிந்தால் முழுக் காட்சியும் போய்விடும்.

தொகை எவ்வளவு போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அம்பாசமுத்திரத்தில் ஓடும் விலை எனக்குத் தெரிந்த பாளையங்கோட்டை விலை அல்ல. எப்போது வாங்குவது என்பதை மட்டும் சொல்கிறேன். கையெழுத்தின்போது பாதி, இறுதிப் படம் ஒப்படைக்கும் 28-ஆம் தேதி கால் பங்கு, விழாப் பதிவு ஒப்படைக்கும்போது மீதி. விழா முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும், பிறகு பொதுத்தேர்வு. உங்கள் பில் யார் மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மே வந்துவிடும்.

எல்லாம் சேர்ந்து கடிதம் ஒன்றரைப் பக்கம், கிளிப் பட்டியல் இணைப்பாக இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். இரண்டு பிரதி அச்சிட்டு, மாலை நாலேகாலுக்குப் பேருந்துகள் கிளம்பிய பிறகு நேரில் போங்கள், அப்போதுதான் ஹெச்.எம். அறையில் கொஞ்சம் அமைதி இருக்கும். பட்டியலில் அவர் பேனாவால் அடிப்பதையும் சேர்ப்பதையும் தடுக்காதீர்கள், அந்தத் திருத்தங்களோடேயே ஒரு பிரதியில் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த மேசையில் வினாத்தாள் கட்டுகள்தான் இருக்கும்.